இரண்டு கார்வை பாக்கி

ஒரு படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது. நவராத்திரி ஐந்தாம் நாள், எங்கள் காலனிப் பிள்ளையார் கோவிலில் என் முதல் கச்சேரி. மிருதங்கம். அன்று ராத்திரியே மனைவி படத்தை அனுப்பிவிட்டாள், "போடுங்க, எல்லாரும் கேக்கறாங்க" என்று. படமும் நன்றாகத்தான் வந்திருந்தது. வலது கை மிருதங்கத்துக்கு ஒரு முழம் மேலே நிற்கிறது, இடது உள்ளங்கை மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி மேலே படிந்திருக்கிறது, முகத்தில் நாற்பத்து மூன்று வயது ஆளுக்குச் சற்றும் பொருந்தாத சிரிப்பு. வேட்டியில் முழங்கால் பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, அது ரவை. (இடது பக்கத் தோலில் அப்புகிற ரவைதான். மேடையில் உப்புமா சாப்பிட்டாயா என்று இதுவரை மூன்று பேர் கேட்டாகிவிட்டது.)

எழுதுவதுதான் வரவில்லை. முதலில் அடித்தது எல்லோரும் அடிப்பதுதான்: "முதல் மேடை. எல்லாம் குருவருள். பிழை இருந்தால் பொறுத்தருள்க." படித்துப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. அடுத்தது கொஞ்சம் உற்சாகமாக, ஆச்சரியக்குறி போட்டு, "கடைசியில் ஏறியாச்சு!" என்று. அதைப் படித்தால் மலை ஏறினேனா, பஸ் ஏறினேனா என்று தெரியவில்லை. அரங்கேற்றம் என்று போடலாமா என்றும் யோசித்தேன். நாட்டியக்காரர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும், அரங்கேற்றத்தன்று மேடை முழுக்க அவர்களுடையது. மிருதங்கத்துக்கும் தனியாக அரங்கேற்றம் வைப்பவர்கள் உண்டு. நான் போய் உட்கார்ந்தது வேறு ஒருவருடைய கச்சேரியில், பக்கவாத்தியமாக. பாடியது கல்லூரியில் படிக்கிற பெண். படத்தில் நடுவில் இருப்பவள் அவள்தான். நான் ஓரம். அடுத்தவர் கச்சேரிப் படத்தைப் போட்டு என் அரங்கேற்றம் என்று எழுத விரல் வரவில்லை.

சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை இருக்கிறதே, அதில் மாதவி ஏழு வருஷம் கற்று, பன்னிரண்டாவது வயதில் மேடை ஏறுகிறாள். ராஜாவிடம் தலைக்கோல் வாங்குகிறாள், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் வாங்குகிறாள். நானும் ஏழு வருஷம்தான் கற்றேன். முப்பத்தாறில் ஆரம்பித்தேன், அதுதான் வித்தியாசம். எனக்குக் கிடைத்தது ஒரு தேங்காய் மூடி, சுண்டல், துண்டு. அதே காதையில் ஆடலாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசையாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது தண்ணுமை ஆசிரியனுக்கும் தனியாக ஒரு பட்டியல் உண்டு. தாளக்காரனைப் பற்றி அந்தக் காலத்திலேயே அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள். கவலைப்பட்டது நியாயம்தான் என்று இப்போது தெரிகிறது.

அன்று சாயந்திரம்

அந்தப் பெண்ணுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. அதற்கென்று ஹை பிட்ச் மிருதங்கம், எனக்குக் கற்றுத்தருகிற சாருடையதை, வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நான்கு மணிக்கு வீட்டில் சேர்த்து வைத்த சுருதி ஆறரை மணிக்குக் கோவிலில் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்று பட்டால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வலப்பக்கத் தோலான வலந்தலையைச் சுற்றியிருக்கிற பின்னலில் கட்டையை வைத்துக் கல்லால் ஒவ்வொரு கண்ணாகத் தட்டி ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் ஏற்றினால் எதிர்ப் பக்கம் இறங்கினாற்போலக் கேட்கும், திரும்ப அங்கே தட்ட வேண்டும். நான் தட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்துச் சுண்டல் வரிசையில் நின்ற ஒரு அம்மாள், "ரிப்பேரா?" என்றார்.

மேடையில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் குனிந்து, "அங்கிள், தனி ஆறு நிமிஷம் போதும், அடுத்து கோலாட்டம் இருக்காம்" என்றாள். சரிம்மா என்றேன். உள்ளுக்குள் நிம்மதி. மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு நான் தயார் செய்து வைத்திருந்ததே ஏழு நிமிஷம்தான்.

முதல் நாற்பது நிமிஷம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வர்ணத்தில் கை நடுங்கியது, இரண்டாவது பாட்டில் நின்றது. மெயின் உருப்படி கல்யாணியில் ஒரு கீர்த்தனை. ஆதி தாளம், ஒரு களை, எடுப்பு, அதாவது பாட்டு தொடங்குகிற இடம், அரை இடம் தள்ளி. தாளத்தில் முதல் தட்டு விழுகிற இடம் சமம். பல்லவி அங்கே ஆரம்பிக்காமல், தட்டு விழுந்து அரை அட்சரம் கழித்து ஆரம்பிக்கும். அதனால் தனியில் நான் கடைசியாக வாசிக்கிற கோர்வையும் சமத்தில் வந்து முடியக் கூடாது. அரை இடம் தாண்டி, அவள் பல்லவியை எடுக்கிற அந்தப் புள்ளியில் முடிய வேண்டும். என் கடைசி அடியும் அவளுடைய முதல் சொல்லும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். அதற்காகத்தான் இத்தனை கணக்கும்.

கோர்வை

சார் எனக்குக் கொடுத்திருந்தது மிகவும் சின்னக் கோர்வை. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. கோர்வையும் சரியாக 32. வாயால் சொன்னால் இப்படி:

தகதிமி தகிட (7)
தகதகிட (5)
தகிட (3)
ததிகிணதொம் (5), ஒரு கார்வை
ததிகிணதொம் (5), ஒரு கார்வை
ததிகிணதொம் (5)

ஏழும் ஐந்தும் மூன்றும் பதினைந்து. மாட்டு வால் மாதிரி மேலே பெருத்துக் கீழே சிறுத்துக்கொண்டு வருவதால் கோபுச்ச யதி என்பார்கள். அப்புறம் மூன்று ஐந்து, நடுவில் இரண்டு கார்வை, பதினேழு. மொத்தம் 32. எடுப்பில் ஆரம்பித்தால் எடுப்பிலேயே போய் நிற்கும். இதை மூன்று தடவை வாசிக்க வேண்டும். மூன்றாவது தடவை முடிந்ததும் அடுத்து விழுகிற ஒற்றைத் தொம்மில் பாட்டு.

கார்வை என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஒரு மாத்திரை நேரம் கை சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் வகுப்பிலேயே சார் சொல்லிவிட்டார்: "சொல்லு உனக்குத் தப்பாது. கார்வைதான் தப்பும். அந்த இடத்துல மனசுக்குள்ள ஒரு ‘ம்' போடு." வீட்டில் வாயால் சொல்லும்போது அந்த ‘ம்' அழகாக விழும். வாத்தியத்தில் வாசிக்கும்போது விழாது. ஒரு மாத்திரை சும்மா இருப்பது எவ்வளவு நீளம் என்று கூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் தெரியும். சத்தமில்லாமல் நின்றால் மறந்துவிட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்று கைக்கு ஒரு பயம். வேகம் கூடக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். சொற்கள் அதே வேகத்தில்தான் போகும், இடைவெளிகளைக் கை தின்றுவிடும்.

முதல் இரண்டு தடவையும் அவள் கையைப் பார்த்தே வாசித்தேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கண்ணை எடுக்கவே இல்லை. சரியாக வந்தது. மூன்றாவது தடவை ஆரம்பிக்கும்போது முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் பலமாகத் தாளம் போட்டுத் தலையாட்டினார். எனக்குத்தான் தலையாட்டுகிறார் என்று தெரிந்ததும் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். அவரைப் பார்த்தேன். ஏழு, ஐந்து, மூன்று வரைக்கும் சரி. ததிகிணதொம் ததிகிணதொம் ததிகிணதொம் என்று மூச்சுவிடாமல் கொண்டுபோய் இறக்கினேன். தொம். கை மேலே போயிற்று. கைத்தட்டு. பெரியவர் "பலே" என்றார். மனைவி அந்த நொடியில்தான் படம் எடுத்திருக்கிறாள்.

நான் நன்றாக வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வருத்தம் என்று இருந்ததெல்லாம் நடுவில் திஸ்ர நடை வாசித்த இடம் கொஞ்சம் தேய்ந்தது, அவ்வளவுதான். ராத்திரி தொப்பியில் காய்ந்துபோன ரவையைச் சுரண்டும்போதுகூட அந்த "பலே" காதில் இருந்தது.

சார் பார்த்த இடம்

சார் அன்று வரவில்லை. அவருக்கே அன்று வேறு ஊரில் கச்சேரி. அடுத்த வகுப்புக்குப் போனதும் படத்தைக் காட்டினேன், ஆசையாகத்தான். எனக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயசுப் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணா, சூப்பர்" என்றான். (வகுப்பில் எல்லாப் பொடியன்களுக்கும் நான் அண்ணா. சீனியாரிட்டியில் அவர்களில் இரண்டு பேர் எனக்கு மூத்தவர்கள்.)

சார் போனை வாங்கிக் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு பார்த்தார். முதலில் உட்கார்ந்திருக்கிற விதத்தைச் சொன்னார், முதுகு வளைந்திருக்கிறது என்று. பக்கம் சரியாக இருக்கிறது என்றார். பாடுபவருக்கு வலப்பக்கம் மிருதங்கம் உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர் என்பதால் அவருக்கு மட்டும் இது தலைகீழாக ஆகும் என்று ஒரு கிளைக்கதை சொன்னார். இந்தக் கதையை அவர் எல்லாப் படத்துக்கும் சொல்வார். அப்புறம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். என் முகத்தை விட்டு விலகி, நடுவில் இருக்கிற அந்தப் பெண்ணின் தொடைக்குப் போய் நிறுத்தினார்.

"இது கடைசித் தொம் தானே?"

"ஆமா சார்."

"எடுப்பு?"

"அரை இடம்."

"அப்ப அவ கை எங்க இருக்கு, பாரு."

பார்த்தேன். அவளுடைய உள்ளங்கை தொடையில் தட்டையாகப் படிந்திருந்தது. அப்போதுதான் விழுந்த கை. சமம். நான் சரியாக முடித்திருந்தால் கை தட்டைவிட்டு எழுந்து சுண்டுவிரலுக்குப் போகிற வழியில் இருந்திருக்க வேண்டும். வாய் திறந்திருக்க வேண்டும். படத்தில் அவள் வாய் மூடியிருக்கிறது. பக்கத்தில் வயலின் பையனின் வில் தந்திக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அவர்கள் இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். நான் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

"ரெண்டு கார்வையையும் முழுங்கிட்ட" என்றார். திட்டவில்லை. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது.

எனக்கு ஓடிய கணக்கு இதுதான். ஒரு கார்வையை மட்டும் விழுங்கியிருந்தால் 31. சமத்துக்கும் இல்லாமல் எடுப்புக்கும் இல்லாமல் அந்தரத்தில் விழுந்திருக்கும், தாளம் தெரிந்த யாருக்கும் உறுத்தியிருக்கும். இரண்டையும் விழுங்கியதால் 30. இரண்டு மாத்திரை என்பது சரியாக அரை அட்சரம். எனவே அரை இடம் முன்னாலேயே, அதாவது சமத்தில், ஆணி அடித்தாற்போலப் போய் விழுந்திருக்கிறது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவருக்குத் தன் தட்டும் என் தொம்மும் ஒன்றாக விழுந்ததில் பரம சந்தோஷம். பலே வந்தது அதற்குத்தான். எடுப்பை மறந்த எல்லோருக்கும் நான் வாசித்தது சரி. நினைவில் வைத்திருந்த இரண்டே பேருக்குத் தப்பு, அந்த இரண்டு பேரும் மேடையில் என் பக்கத்திலேயே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நண்பன் எடுத்திருந்த வீடியோவைத் தேடிப் போட்டேன். அந்த இடத்தை மட்டும் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். தொம், கைத்தட்டு, ஒரு சின்ன மௌனம், பிறகு பல்லவி. அந்த மௌனம் அரை அட்சரம். அவள் அசையவே இல்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தொம்மோடு சேர்ந்து அவளும் சமத்தில் பாட ஆரம்பித்திருந்தால் பாட்டு முழுக்க இடம் மாறிப் போயிருக்கும், வயலின் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று. தட்டிய கையை அப்படியே வைத்து, நான் விட்ட இரண்டு மாத்திரையையும் அவள் எண்ணி, எடுப்பில் எடுத்தாள். கேட்பவர்களுக்கு அது வேண்டுமென்றே விட்ட இடைவெளி போல அழகாகக்கூட இருக்கிறது. வயசு பத்தொன்பது.

திரும்பப் படத்துக்குக் கீழே

இதற்குப் பிறகு அந்தப் பழைய வரியைப் போட முடியவில்லை. "பிழை இருந்தால் பொறுத்தருள்க" என்று எழுத எனக்கு என்ன வாய் இருக்கிறது? இருந்தால் என்ன இருந்தால்? பிழை இருக்கிறது, எத்தனை மாத்திரை என்றுகூடத் தெரியும், படத்திலேயே விழுந்திருக்கிறது. அந்த வரியை எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, நானும்தான் எழுதினேன். ஆனால் அது அடக்கம் போலத் தோன்றினாலும் உள்ளே ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது, "ஐயோ பிழையா, எங்கே, அற்புதம்" என்று யாராவது எழுதுவார்கள் என்று. எழுதவும் செய்வார்கள். அந்த "அற்புத"த்தைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் முகத்தில் எப்படி முழிப்பது?

வேறு படம் போடலாமே என்று மனைவி சொன்னாள். சுருதி சேர்க்கும்போது எடுத்தது ஒன்று இருந்தது. அதில் நான் தட்டானைப் போல இருக்கிறேன். தவிர, எனக்கு இந்தப் படம்தான் பிடித்திருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். அந்தச் சிரிப்பு பொய் இல்லை. அந்த நொடியில் எனக்குத் தப்பு தெரியாது. ஏழு வருஷம், ஆபீஸ் விட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் தலையணை மேல் தட்டித் தட்டிப் பழகிய கை அது (அப்பார்ட்மெண்டில் மிருதங்கம் வாசித்தால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வரும்). அது முதல் தடவை ஒரு கூட்டத்துக்கு முன்னால் மேலே போய் நிற்கிறது. சந்தோஷம் என்னுடையது, கணக்கு மட்டும் தப்பு. இரண்டையும் இரண்டு வரிக்குள் எழுத வேண்டும், அவ்வளவுதான் சிக்கல்.

எழுதி எழுதி அழித்தேன். முழுக் கதையையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், படித்தாலும் தப்பையே பெருமையாகச் சொல்கிறான் என்பார்கள். அதுவும் உண்மைதான், தன் பிழையை நீளமாக விவரிப்பதில் ஒரு சொகுசு இருக்கிறது, இந்தக் கட்டுரையைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பெண்ணைப் புகழ்ந்து நாலு வரி எழுதினேன். அனுப்பிக் காட்டியதும், "ஐயோ அங்கிள், இதெல்லாம் வேணாம், எங்க டீச்சர் பாத்தா நான் ஸ்வரத்துல விட்டதைச் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க" என்று பதில் வந்தது. அவளும் எங்கேயோ விட்டிருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை. என் கையைப் பற்றிய கவலையில் அவள் பாடியதை எவ்வளவு கேட்டேன் என்று யோசித்தால் அதற்கும் காது சூடாகிறது.

கடைசியில் பதினோராம் நாள் காலை, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போட்டது இதுதான்:

"முதல் கச்சேரி. ரொம்ப சந்தோஷம். கடைசிக் கோர்வையில் இரண்டு கார்வை பாக்கி."

சார் ஒரு கட்டைவிரல் போட்டார். வகுப்புப் பையனின் அம்மா இதயம் போட்டார். அந்தப் பெண், "கணக்கு சரியாப் போச்சு அங்கிள்" என்று எழுதி ஒரு கண்ணடிக்கிற முகம் போட்டிருந்தாள். பெரியவர் யார் வீட்டு உறவு என்று தெரியவில்லை, அவர் பார்த்தாரா தெரியாது.

மத்தியானம் ஊரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். படம் நன்றாக இருக்கிறது, உங்க தாத்தா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பாக்கின்னு போட்டிருக்கியே, எவ்வளவுப்பா? வெளியில எழுதற அளவுக்கு வச்சுக்காத. நம்பர் அனுப்பு, நான் குடுத்துடறேன்."